ஆறாவது ஸ்லைடுக்கும் ஏழாவது ஸ்லைடுக்கும் நடுவில்

ஈப்போவில் நடந்த ஆசிரியர் ஆய்வரங்கத்தில் உரை படைத்த தனலெட்சுமிக்குச் சிறந்த படைப்பாளர் விருது கிடைத்தது என்று தெரிந்த அன்று, அவள் வேலை பார்க்கும் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கேக் வெட்டினார்கள். முப்பத்தொரு பிள்ளைகள், ஏழு ஆசிரியர்கள். எல்லாருக்கும் ஒரு துண்டு வந்தது. அவள் கணவன் புவனேஸ்வரனும் அதே பள்ளியில்தான் கணித ஆசிரியர். அவனுக்குத் தலைமையாசிரியர் ராமையாவே தன் கையால் ஊட்டிவிட்டார்.

"சிகு, வீட்டுல ஒரு நட்சத்திரத்த வச்சிக்கிட்டுச் சொல்லவே இல்லையே லா," என்றார், ஆசிரியர்களை அழைக்கும் மலாய் வழக்கில்.

புவனேஸ்வரன் சிரித்தான். கேக்கில் போட்டிருந்த ஸ்ட்ராபெர்ரி புளித்தது.

அதே ஆய்வரங்கத்துக்கு அவனும் கட்டுரைச் சுருக்கம் அனுப்பியிருந்தான். தேர்வாகவில்லை. அது ராமையாவுக்குத் தெரியாது. வீட்டில் அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் ஒருமுறைகூடப் பேசியதில்லை. பேசாமல் இருந்ததுதான் அவனை அதிகம் அரித்தது. அவள் ஈப்போவுக்குப் போன நாளில், ஓட்டப் பந்தயப் பயிற்சி இருக்கிறது என்று சொல்லி அவன் பள்ளியிலேயே இருந்துவிட்டான். மூன்று பிள்ளைகள்தான் பயிற்சிக்கு வந்தார்கள். பனி இறங்கியதும் அவர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

பத்து வருடத்துக்கு முன்னால் கிள்ளானிலிருந்து மாற்றலாகி இந்த மலைக்கு வந்தவன் அவன். அவளோ இதே தோட்டத்தில் பிறந்தவள். அவள் அப்பா தொழிற்சாலையில் இலை வாட்டும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொழிலாளர் லயத்தில் யாரைக் கேட்டாலும் "நம்ம தனம் டீச்சர்" என்பார்கள். அவனை "டீச்சரோட வீட்டுக்காரரு" என்பார்கள். அதையெல்லாம் அவன் பொறுத்துக்கொண்டான். அவனுக்கென்று ஒன்று இருந்தது. எழுத்து. மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அறிக்கை எழுத வேண்டுமென்றால் ராமையா அவனைத்தான் கூப்பிடுவார். கணிதத்துக்கு அவன் தயாரித்த குறிச்சொல் அட்டவணை பிளாஸ்டிக் தகடு ஒட்டி, மஞ்சள் வண்ணத்தில், சுற்றுவட்டாரத்தில் பல பள்ளிகளில் தொங்கியது. 'மொத்தம், அதிகம், சேர்த்து என்று வந்தால் கூட்டு. மீதம், குறைவு என்று வந்தால் கழி.' அதைப் பற்றி இரண்டு பட்டறைகளும் நடத்தியிருக்கிறான்.

கேக் வெட்டிய மறுநாள் இன்னொரு மின்னஞ்சல் வந்தது. விருது பெற்றவர்கள் தங்கள் படைப்பை முழுக் கட்டுரையாக எழுதி மூன்று வாரத்துக்குள் அனுப்ப வேண்டும். எட்டுப் பக்கம். ஆய்வுக்கோவையில் அச்சாகும்.

"என்னங்க, பதினாலு ஸ்லைடுதான் இருக்கு. எனக்குப் பேசத்தான் வரும், எழுத வராது. நீங்க எழுதித் தாங்களேன்," என்றாள் தனலெட்சுமி, இரவுச் சாப்பாட்டுக்குப் பாத்திரம் எடுத்துவைத்துக்கொண்டே.

"எழுதிடலாம்," என்றான். அப்படிச் சொல்லும்போது வயிற்றுக்குள் சின்னதாக ஒரு இனிப்பு ஊறியது. கைதட்டல் அவளுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அச்சில் வருவது தன் வாக்கியங்களாக இருக்கும் அல்லவா.

மறுநாள் மாலை பள்ளி விட்டதும் உட்கார்ந்தான். ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். முதல் ஸ்லைடு தலைப்பு. இரண்டாவதில் 'கணக்குச் செய்யத் தெரிகிறது, வாக்கியக் கணக்கு என்றால் திணறல்' என்று ஒரு வரி. மூன்றாவதில் நான்காம், ஐந்தாம் ஆண்டுகள் சேர்ந்த வகுப்பு, ஒன்பது பிள்ளைகள். நான்காவதில் தொடக்கச் சோதனை, இருபதுக்குச் சராசரி எட்டு. ஐந்தாவதில் 'முதல் முயற்சி: வழக்கமான முறை, 3 வாரம்.' ஆறாவதில் வரைபடத்தின் இரண்டு தூண்கள் மட்டும், 8, 7. ஏழாவதில் எழுத்தே இல்லை. ரூபினி என்ற ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை இரண்டு கைகளையும் விரித்து எதையோ விவரிக்கும் புகைப்படம். எட்டாவதில் 'கணக்கைச் சொந்தக் கதையாகச் சொல்லுதல், 5 வாரம்.' அப்புறம் பிள்ளைகள் சொன்ன கதைகள், மூன்றாவது தூணில் 14, முடிவு, நன்றி.

ஒவ்வொரு வரியையும் ஒரு வாக்கியமாக்கினான். வாக்கியங்களுக்கு நடுவில் 'மேலும்' போட்டான். 'அதுமட்டுமின்றி' போட்டான். 'இதனைத் தொடர்ந்து' போட்டான். நான்கு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தால் சந்தைக்குக் கொடுத்தனுப்பும் பட்டியல் மாதிரி இருந்தது. எதுவும் பொய்யில்லை. ஆனால் ஒரு வரி ஏன் அடுத்த வரிக்குப் போகிறது என்று தெரியவில்லை. எந்தப் பத்தியைத் தூக்கி எங்கே போட்டாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

அவனுக்குக் கவலை வரவில்லை. நிம்மதிதான் வந்தது. இவ்வளவுதானா, இதற்கா அவ்வளவு கைதட்டல் என்று நினைத்தான். அதைச் சொல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை.

"தனம், தப்பா நெனைக்காத. படத்தப் பார்த்துக் கை தட்டிடுவாங்க. தாள்ல படம் பேசாது. இதுல வாதமே இல்ல."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "எங்க இல்ல?"

"நீ என்ன சொல்ல வர்றேன்னு ஒரே வாக்கியத்துல சொல்லு பார்ப்போம்."

"கணக்கோட கதைய மனசுல பார்க்கத் தெரிஞ்ச பிள்ளைக்குத்தான் வாக்கியக் கணக்கு வரும்."

அவள் யோசிக்காமல் சொன்னாள். அவன் கொஞ்சம் தடுமாறினான். அந்த வாக்கியம் எந்த ஸ்லைடிலும் இல்லை. "சரி, அது முதல் பத்தியிலயே இருக்கணும். மத்ததெல்லாம் அத நிரூபிக்கணும்," என்றான். "ஆனா ஆறாவதுலேர்ந்து ஏழாவதுக்கு எப்படிப் போற? எட்டு ஏழாச்சு. அப்புறம் திடீர்னு ரூபினி கைய விரிச்சிக்கிட்டு நிக்கிறா. நடுவுல என்ன நடந்துச்சி? முறைய ஏன் மாத்துன? அந்தப் பத்தி இல்லேன்னா கட்டுரை ரெண்டு துண்டா விழுந்துடும்."

தனலெட்சுமி மடித்த சட்டையை மறுபடியும் பிரித்தாள். "'பிறகு வேறு முறை முயலப்பட்டது'ன்னு போட்டுடுங்க."

"முயலப்பட்டது... யாரு முயன்றது? ஏன்?"

"அப்படியே விட்டுடுங்களேன்," என்று சொல்லிவிட்டு அவள் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை தனலெட்சுமி தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு தானா ராத்தா மருத்துவமனைக்குப் போனாள். ஏற்பாட்டாளர்கள் அனுப்பியிருந்த அவள் உரையின் ஒலிப்பதிவு கணினியில் கிடந்தது. புவனேஸ்வரன் அதைத் திறக்க வேண்டாம் என்று இத்தனை நாள் வைராக்கியமாக இருந்தான். இப்போது வேறு வழியில்லை. அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது என்று ஸ்லைடு சொல்லாது. பேசியவள்தான் சொல்லியிருப்பாள். சன்னலுக்கு வெளியே இலை பறிக்கும் இயந்திரம் சரிவில் உறுமிக்கொண்டிருந்தது. அவன் சன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான்.

முதல் ஐந்து நிமிடத்திலேயே புரிந்துவிட்டது. கட்டுரை ஸ்லைடுகளில் இல்லை. ஒரு ஸ்லைடை மாற்றி அடுத்ததைப் போடும் அந்தச் சில நொடிகளில் இருந்தது. "இத்தன பேரும் கூட்டல் கழித்தல்ல கெட்டிக்காரங்க. அப்ப எங்க இடிக்குதுன்னு பார்த்தேன்" என்று ஒரு ஸ்லைடை விட்டு அடுத்ததுக்குப் போனாள். "நான் நெனைச்சது தப்பு. எப்படித் தெரிஞ்சதுன்னா" என்று இன்னொன்றுக்குப் போனாள். அவன் 'மேலும்' போட்ட இடங்களிலெல்லாம் அவள் 'ஆனா' சொல்லியிருந்தாள். 'அதனால' சொல்லியிருந்தாள்.

ஆறாவது ஸ்லைடு வந்தது.

"எங்க பள்ளிக்கூடத்துல ஒரு குறிச்சொல் அட்டவணை இருக்கு. மொத்தம், அதிகம்னா கூட்டு. மீதம்னா கழி. நானும் அத நம்பித்தான் மூணு வாரம் நடத்துனேன். எட்டு ஏழாச்சு. ஏன்னு கேட்டா, இந்தக் கணக்கப் பாருங்க. ரூபினிகிட்ட பதினஞ்சு ஸ்ட்ராபெர்ரி இருக்கு. அது ஜீவன்கிட்ட இருக்கறத விட ஆறு அதிகம். ஜீவன்கிட்ட எத்தன? ஒன்பது பேர்ல ஏழு பேரு இருபத்தொண்ணுன்னு எழுதுனாங்க. 'அதிகம்'னு ஒரு சொல்லப் பார்த்தாங்க, கூட்டிட்டாங்க. கணக்கப் படிக்கவே இல்ல. அவங்க தலைய நிமிர்த்தி அட்டவணையப் பார்த்தாங்க. கணக்குக்குள்ள யாரும் போகல."

அரங்கம் சிரித்தது. நிறைய பேர் சிரித்தார்கள். தங்கள் வகுப்பிலும் அதைப் பார்த்தவர்களின் சிரிப்பு.

புவனேஸ்வரன் ஒலிப்பதிவை நிறுத்தினான். எழுந்து அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தான். மறுபடி வந்து ஓடவிட்டான்.

கடைசியில் கேள்வி நேரம். ஓர் ஆண் குரல் கேட்டது: "டீச்சர், எட்டு வாரம் ஆயிடுச்சே. பிள்ளைங்க தானாவே முன்னேறியிருக்கலாம் இல்லையா?"

"முன்னேறியிருக்கலாம். ஒன்பது பேர வச்சி அடிச்சிச் சொல்ல முடியாது. ஆனா நேரம் மட்டும்தான் காரணம்னா, மொத மூணு வாரத்துலயும் கொஞ்சமாவது ஏறியிருக்கணும். ஏறல."

இன்னொரு குரல், பெண் குரல்: "அந்த அட்டவணைய யாரு செஞ்சது டீச்சர்? எங்க பள்ளியிலயும் இருக்கு."

பிறகு தனலெட்சுமியின் குரல் வந்தது. "அட்டவணை மேல தப்பில்ல. நான்தான் யோசிக்காம பயன்படுத்தினேன்."

கைதட்டல். அது நெடுநேரம் ஓடியது.

அவள் அவன் பெயரைச் சொல்லியிருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது. பேர் தெரியாத முந்நூறு பேருக்கு முன்னால் அவள் அவனைக் காப்பாற்றியிருக்கிறாள். காப்பாற்ற வேண்டிய அளவுக்கு நான் கீழே இருந்திருக்கிறேன் என்று தோன்றியது. தன் சுருக்கம் ஏன் தேர்வாகவில்லை என்பதும் அன்றுதான் அவனுக்கு உறைத்தது. அதன் தலைப்பே 'குறிச்சொல் அட்டவணையின் பயன்' என்பது.

அன்று மத்தியானத்துக்குள் அவன் கட்டுரையை மாற்றி எழுதிவிட்டான். கை வேகமாக ஓடியது. இப்போது அவனுக்கு எல்லா இணைப்புகளும் தெரியும். தொடக்கத்திலேயே அவளுடைய அந்த ஒற்றை வாக்கியத்தை வைத்தான். பின்னால் கிடந்த ஸ்லைடை முன்னால் கொண்டுவந்தான். புகைப்படத்துக்குப் பதில் ரூபினி என்ன செய்தாள் என்று மூன்று வரி எழுதினான். ஒவ்வொரு பத்தியின் கடைசி வரியும் ஒரு கேள்வியை எழுப்ப, அடுத்த பத்தி அதற்குப் பதில் சொல்லத் தொடங்கியது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் மட்டும் இப்படி எழுதினான்: 'மூன்று வாரக் காலம் போதாமையால் முதல் முறையின் முழுப் பயனைக் காண இயலவில்லை. எனவே, அதற்குத் துணையாக மற்றொரு முறை அறிமுகப்படுத்தப்பட்டது.'

படித்துப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு போயிற்று. எங்கேயும் இடிக்கவில்லை. அவ்வளவு அழகான பத்தியை அவன் அதற்கு முன் எழுதியதில்லை.

மாலையில் தனலெட்சுமி வந்ததும் கொடுத்தான். அவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தாள். முதல் இரண்டு பக்கத்துக்கு முகம் மலர்ந்தது. "நான் சொன்ன மாதிரியே இருக்கே," என்றாள். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த இடத்தை இரண்டு முறை படித்தாள்.

"பதிவக் கேட்டுட்டீங்க."

அவன் கணினியை மூடினான்.

"இது நடக்கலீங்க."

"என்ன நடக்கல? மூணு வாரம் குறைச்சல்தானே."

"ஏழு பேரு இருபத்தொண்ணு எழுதுனாங்க. அதுதான் நடந்துச்சி."

"அதச் சொல்லித்தான் ஊரச் சிரிக்க வச்சிட்டியே! அச்சுலயும் போடணுமா?" அவன் குரல் உயர்ந்துவிட்டது. "ஒரு வார்த்த எங்கிட்ட முன்னாடியே சொன்னியா? பக்கத்து வகுப்புலதான இருக்கேன். எட்டு வாரம்! ஸ்லைடுல 'வழக்கமான முறை'ன்னு மூடி வச்சிட்டு, மேடையில மட்டும் தெறந்து காட்டியிருக்க."

"சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு நெனைச்சேன்." அவளும் விடவில்லை. "இப்ப தாங்குறீங்களா?"

அவள் தாள்களை மேசையில் வைத்து, அந்தப் பத்தியில் விரலை ஊன்றினாள்.

"என் பேர விடுங்க, உங்க பேர விடுங்க. உங்க பத்திய நம்பிப் படிக்கிறவங்க என்ன நெனைப்பாங்க? நேரம் கொடுத்திருந்தா அட்டவணையே போதும்னு. அப்ப நான் கதை சொல்ல வச்சது எதுக்கு? தானா முன்னேறியிருக்கலாமேன்னு அந்த ஆளு கேட்டாரே, அதுக்கு என்கிட்ட இருக்கற ஒரே பதிலு எட்டு ஏழா இறங்குனதுதான். நீங்க அத மன்னிச்சி விட்டுட்டீங்க. மிச்ச ஏழு பக்கமும் செத்துப்போச்சு."

அவன் அந்தப் பத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னது சரி என்று உடனே தெரிந்தது. எழுத வராது என்று சொன்னவள் வாதத்தின் முதுகெலும்பு எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுகிறாள். இத்தனை அறிக்கை எழுதிய தனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் அந்த எலும்பை உருவினான்.

ஞாயிறு முழுக்க இருவரும் சாப்பாட்டுக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை மூன்றாம் ஆண்டு வகுப்பில் புவனேஸ்வரன் ஐந்து கணக்குகளைக் கரும்பலகையில் எழுதினான். அவனுடைய சொந்தப் பிள்ளைகள், அவனே பயிற்றுவித்தவர்கள். அவளுடைய வகுப்பு ஒரு விதிவிலக்கு என்று நிரூபித்துவிடலாம் என்ற ஆசை இன்னும் விடவில்லை. 'செல்லையா தாத்தாவிடம் 8 கோழிகள் மீதம் உள்ளன. அவர் 5 கோழிகளை விற்றிருந்தார். முதலில் எத்தனை?' என்பது ஒன்று.

ஆறு பிள்ளைகள். அவன் வரிசைக்கு வரிசை நடந்தான். ஷர்வின் என்பவன் வகுப்பிலேயே கெட்டிக்காரன். அவன் கணக்கை ஒரு பார்வை பார்த்தான், தலையை நிமிர்த்திச் சுவரிலிருந்த மஞ்சள் அட்டவணையைப் பார்த்தான், 'மீதம்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தான், 3 என்று எழுதினான். எழுதிவிட்டுச் சாரைப் பார்த்துச் சிரித்தான்.

"அஞ்சு கோழிய வித்தாருன்னு போட்டிருக்கே. மூணுதான் இருந்துச்சின்னா அஞ்ச எப்படிடா வித்தாரு?"

ஷர்வின் குழம்பினான். "மீதம்னா கழிக்கணும் சார். நீங்கதான் சொன்னீங்க."

புவனேஸ்வரன் அவன் தலையைத் தடவிவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தான். ஆறு பேரில் நான்கு பேர் 3 எழுதியிருந்தார்கள்.

அன்று மாலையே அந்தப் பத்தியை அழித்துவிட்டு மறுபடி எழுதினான். இந்த முறை கை ஓடவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அட்டவணையைத் தயாரித்தவர் புவனேஸ்வரன் என்று பெயர் போட்டான், ஆண்டு போட்டான், கடைசியில் மேற்கோள் பட்டியலிலும் சேர்த்தான். ஒன்பது பேரில் ஏழு பேர் என்ன எழுதினார்கள், எதனால், என்று எழுதினான். 'பிள்ளைகள் சொல்லைத் தேடினார்கள், சூழலைத் தேடவில்லை. ஆகவே அடுத்த முறை, சொல்லைத் தேடவே முடியாதபடி, கணக்கை முதலில் அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பதாக இருக்க வேண்டியிருந்தது' என்று முடித்தான். ரூபினி கையை விரித்துக்கொண்டு நின்றதற்கு இப்போது காரணம் இருந்தது. ஒன்பது பேர் மட்டுமே, ஒப்பிட வேறு வகுப்பு இல்லை என்பதையும் ஒளிக்காமல் முடிவுக்கு முன் ஒரு பத்தியாக வைத்தான்.

தனலெட்சுமி படித்தாள். இந்த முறை உட்கார்ந்தே படித்தாள்.

"உங்க பேர நீங்களே போட்டுட்டீங்க," என்றாள் மெல்ல.

"ஆதாரம் காட்டாம எழுதக் கூடாது."

அவள் கணினியைத் தன் பக்கம் திருப்பி, தலைப்புக்குக் கீழே தன் பெயருக்குப் பக்கத்தில் அவன் பெயரைத் தட்டினாள். அவன் அழித்தான். அவள் மறுபடி தட்டினாள். அழிக்கக் கை போனது, ஆனால் அழிக்கவில்லை. இரண்டாவது பெயர். முதலில் அவள், பிறகு அவன். அச்சில் தன் பெயர் வரும் முதல் கட்டுரை, அதிலும் இப்படி. ஒரே தாளில் எழுதியவனாகவும், எழுதப்பட்ட தவறாகவும்.

ஒரு மாதம் கழித்து மதிப்பீட்டாளர்களின் பதில் வந்தது. சிறு திருத்தத்தோடு ஏற்றுக்கொண்டார்கள். ஆசிரியர் அறையில் வைத்துத் தனலெட்சுமி வாய்விட்டுப் படித்தாள். ராமையா பக்கத்தில் நின்று கேட்டார்.

"'இரண்டாம் பகுதியிலிருந்து மூன்றாம் பகுதிக்கு நகரும் பத்தியே இக்கட்டுரையின் உயிர். தோல்வியை நேர்மையாக ஆராய்ந்து, அதிலிருந்தே அடுத்த முறையைக் கட்டியெழுப்புவது பாராட்டத்தக்கது.'"

"அபாரம் டீச்சர்!" என்றார் ராமையா. "எவ்வளவு தைரியமா எழுதியிருக்கீங்க."

"அந்தப் பத்தி அவரு எழுதுனது சார்."

ராமையா திரும்பி அவனைப் பார்த்தார். "ஓ, சிகு, நல்ல ஒத்தாச பண்ணியிருக்கீங்க," என்று தோளில் தட்டிவிட்டு, மறுபடி அவள் பக்கம் திரும்பி, பிள்ளைகள் கதை சொல்வதைப் பெற்றோர் கூட்டத்தில் செய்து காட்ட முடியுமா என்று கேட்கத் தொடங்கினார்.

ஒத்தாசை. புவனேஸ்வரன் அந்தச் சொல்லை உள்ளே போட்டு மென்றான். தன் வாழ்நாளிலேயே நல்ல பத்தி அது. எழுதும்போது உயிர் போயிற்று. அதில் இருக்கும் தைரியம்கூட இப்போது அவளுடையதாகிவிட்டது. அது அநியாயமும் இல்லை. அந்த ஏழு பேரை முதலில் கண்டவள் அவள்தான். அநியாயம் என்று சொல்லக்கூட வழியில்லாததுதான் இன்னும் எரிந்தது.

மதிப்பீட்டாளர் கேட்ட திருத்தம் ஒன்றே ஒன்று. பிள்ளைகள் சொன்ன கதை ஒன்றை முழுதாகச் சேர்த்து, அது எப்படிக் கணக்காக மாறியது என்று விளக்க வேண்டும்.

"கொடு, இன்னிக்கே எழுதிடறேன்," என்றான் வீட்டுக்கு வந்ததும்.

"இல்லீங்க. இத நான் எழுதிப் பார்க்கறேன்," என்றாள்.

அவன் தேநீர் கலந்து அவள் பக்கத்தில் ஒரு கோப்பையை வைத்தான். போகாமல் பின்னால் நின்றான். அவள் மெதுவாகத் தட்டினாள், ஒரு விரலால். 'ரூபினி முதலில் ஜீவனைத் தன் எதிரில் நிற்க வைத்தாள். தன் கையில் பதினைந்து இருப்பதாகச் சொன்னாள். பிறகு, "உன்கிட்ட என்னோடத விட ஆறு கொறச்சல்தானே?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் கணக்கு முடிந்துவிட்டது.'

கடைசி வாக்கியத்தை அவன் இரண்டு முறை படித்தான். அவனாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு முழுப் பத்தி விளக்கம் எழுதியிருப்பான்.

"எப்படி இருக்கு? எதாவது மாத்தணுமா?" என்று அவள் திரும்பாமலே கேட்டாள்.

எதையாவது மாற்றச் சொல்ல நாக்குத் துடித்தது. திரையில் ஓர் ஒற்றைப் பிழையாவது கிடைக்குமா என்று தேடினான்.

"ஒண்ணும் மாத்தாத," என்றான். பிறகு தன் கோப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றான். எதிர்ச் சரிவில் மருந்தடிக்கும் ஆட்கள் வேலை முடித்து லோரியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். உள்ளே விசைப்பலகைச் சத்தம் நின்றது, மறுபடி தொடங்கியது. தேநீர் ஆறும்வரை அவன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றான்.